ஓய்வுக்குப் பின் மரவேலை: எந்தப் புத்தகத்தை எடுப்பது, அதை யாழ்ப்பாணத்து மரத்தோடு எப்படிப் படிப்பது

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் மரவேலை பழக நினைத்தால், புத்தகம் ஒன்று வாங்குவதில்தான் பெரும்பாலும் தொடங்குவார். பெரும்பாலானவர்கள் நிற்கும் இடமும் அதுதான். வண்ணப் படங்கள் நிறைந்த புதுப் புத்தகங்களில் பாதி, மேசை வாளும் மின் இழைப்பு இயந்திரமும் வீட்டில் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. மீதியில் பல, அழகான பொருளைக் காட்டிவிட்டு அதை எந்த ஒழுங்கில் செய்வது என்பதை இரண்டு வரியில் முடித்துவிடும். கையால் செய்ய விரும்புகிறவருக்கு வேண்டியது வேறு. கோடு எங்கே கீறுவது, வாளைக் கோட்டின் எந்தப் பக்கம் வைப்பது, உளி எப்போது மழுங்கியது என்று எப்படி அறிவது என்பவற்றைப் படத்தோடு சொல்லும் புத்தகம் வேண்டும்.

இந்த வழிகாட்டி அப்படியான மூன்று புத்தகங்களை எடுத்துக்கொள்கிறது. அவற்றைப் படித்து ஒரு சிறிய ஸ்ரூல் செய்து முடிப்பது வரை போகிறது. 

மூன்று புத்தகங்கள்

முதலாவது வில்லியம் ஃபெயர்ஹாம் தொகுத்த ‘வூட்வேர்க் ஜொயின்ற்ஸ்’. ஏறத்தாழ நூறு ஆண்டுக்கு முந்திய லண்டன் பதிப்பு. மரத்தோடு மரத்தைப் பொருத்தும் முறைகளை மட்டும் சொல்வது. நானூறு படங்கள் உண்டு. இரண்டாவது வில்லியம் நோய்ஸ் 1910இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘ஹான்ட்வேர்க் இன் வூட்’. கருவிகள், அவற்றைத் தீட்டுவது, மரத்தை உலர்த்துவது, பொலிஷ் போடுவது எல்லாம் இதில் இருக்கின்றன. இரண்டும் பதிப்புரிமைக் காலம் கடந்தவை என்பதால் குட்டன்பேர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேட வேண்டியது இவ்வளவுதான்:

```
gutenberg.org
Woodwork Joints Fairham
Handwork in Wood Noyes
```

இறக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தத் தளம் ஒரே புத்தகத்தைப் பல வடிவங்களில் தரும். வெறும் எழுத்து வடிவத்தில் படங்கள் இருக்காது. மரவேலைப் புத்தகத்தில் படம் இல்லாவிட்டால் பாதிப் பொருள் போய்விடும், ஆகவே படங்கள் உள்ள வடிவத்தை எடுங்கள். பிறகு பொருத்து முறை அத்தியாயங்களை மட்டும் ஒரு பிரதி எடுக்கும் கடையில் ஏ4 தாளில் பெரிதாக அச்சிட்டு, கோவை ஒன்றில் போட்டு வேலை மேசையில் வையுங்கள். மரத்தூள் படிந்த கையோடு தொலைபேசித் திரையைத் தட்டிக்கொண்டு படிப்பது நடக்காது. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டவருக்கு அந்தத் திரையில் புள்ளிக் கோடும் முழுக்கோடும் ஒன்றாகவே தெரியும்.

மூன்றாவது ரொபர்ட் வேரிங் எழுதிய ‘தி எசென்ஷியல் வூட்வேர்க்கர்’. 1988இல் வந்து, 2010இல் லொஸ்ற் ஆர்ட் பிரஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகத்தால் மீண்டும் வெளியிடப்பட்டது. இது விலை கொடுத்து வாங்க வேண்டியது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ பிள்ளைகள் இருப்பவர்கள், அவர்கள் வரும்போது கொண்டுவரச் சொன்னால் அஞ்சல் செலவு மிச்சம். மூன்றிலும் தொடக்கக்காரருக்கு மிகச் சிறந்தது இதுதான். அடிப்படைக் கைப்பழக்கத்தில் தொடங்கி, அடுத்து ஒரு மேசை, பிறகு பெட்டிபோன்ற அலுமாரி, கடைசியில் இலாச்சி என்று ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிப் போகிறது. எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்ற ஒழுங்கை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் புத்தகம் குறைவு. ஆனாலும் இது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதல் இரண்டும் போதும்.

வாங்குவதற்கு முன் வேறு புத்தகங்களையும் புரட்டிப் பார்க்க விரும்பினால், நூலகத்தில் டூயி எண் 684 என்ற தட்டில் தளபாட வேலையும், 694 என்ற தட்டில் கட்டட மரவேலையும் இருக்கும். கையில் எடுக்கும் எந்தப் புத்தகத்திலும் முதலில் உளி தீட்டும் பகுதியைத் தேடிப் பாருங்கள். அது இல்லாவிட்டால், அல்லது ஒரு பந்தியோடு முடிந்திருந்தால், அந்தப் புத்தகத்தைத் திரும்பத் தட்டில் வைத்துவிடலாம்.

முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம்

நோய்ஸின் புத்தகம் அமெரிக்கக் காடுகளில் மரம் தறிப்பதிலும் மர ஆலையிலும் தொடங்குகிறது. அந்த இரண்டு அத்தியாயத்தையும் விட்டுவிடுங்கள். உலர்த்துதல் பற்றிய மூன்றாம் அத்தியாயத்தையும் கைக்கருவிகள் பற்றிய நான்காம் அத்தியாயத்தையும் முதலில் படியுங்கள். ஃபெயர்ஹாம் பலகையைப் பலகையோடு பசையால் ஒட்டுவதில் தொடங்குகிறார். பார்க்க எளிதாகத் தெரிந்தாலும் அதற்கு நேரான விளிம்பு சீவத் தெரியவேண்டும், அது முதல் கிழமை வேலை அல்ல. இரண்டு சட்டங்களில் பாதி பாதி தடிப்பு வெட்டி ஒன்றின் மேல் ஒன்று படியவைக்கும் பொருத்து இரண்டாவதாக வருகிறது. அங்கே தொடங்குங்கள். அதிலிருந்து நேரே, ஒரு மரத்தின் நுனியில் வெட்டிய கழுந்து என்ற நாக்கை மற்ற மரத்தில் கொத்திய துளைக்குள் செருகும் பொருத்துள்ள அத்தியாயத்துக்குப் போங்கள். பசைப் பொருத்தை அதற்குப் பிறகு படிக்கலாம். புறாவால் வடிவப் பொருத்து முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம்.

ஒரு பொருத்தைப் படிக்கும் முறை இது. கதிரையில் இருந்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். பிறகு அந்தப் படத்தை வெள்ளைத் தாளில் உண்மையான அளவில் மூலைமட்டம் வைத்து வரையுங்கள். வரைய முடியாத இடம்தான் உங்களுக்கு விளங்காத இடம், அதை மரத்தில் கண்டுபிடிப்பதைவிடத் தாளில் கண்டுபிடிப்பது மலிவு. பிறகு கழிவு மரத்தில் ஒருமுறை செய்யுங்கள். அதன்பின் அதே பக்கத்தைத் திரும்பப் படித்தால், முதலில் கண்ணில் படாமல் போன வரிகள் இப்போது தெரியும். வாளைக் கோட்டின் கழிவுப் பக்கம் வைக்கச் சொல்லும் வரியை முதல் வாசிப்பில் எல்லோரும் கடந்து போவார்கள். கழுந்து ஒன்று துளைக்குள் ஆடி விழுந்த பிறகு யாரும் கடந்து போகமாட்டார்கள்.

அளவுகளில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். இரண்டு பழைய புத்தகங்களும் அங்குலத்தில் பேசுகின்றன, மரக்காலையிலும் இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு ஒன்று என்றே சொல்வார்கள். உளியும் திருகாணியும் மில்லிமீற்றரில் வருகின்றன. மரம் வாங்கும்போது அங்குலத்தில் பேசுங்கள், மேசைக்கு வந்ததும் எல்லாவற்றையும் மில்லிமீற்றரில் எழுதுங்கள். கால் அங்குலம் 6.35 மி.மீ., கடையில் கிடைக்கும் உளி 6 மி.மீ. துளைக்கு ஓர் அளவும் கழுந்துக்கு மற்றதும் எடுத்தால், அந்த மூன்றில் ஒரு மில்லிமீற்றரே பொருத்தைக் கெடுக்கப் போதும்.

புத்தகம் அறியாத மரமும் ஈரமும்

இந்தப் புத்தகங்கள் ஓக், வால்நட், பைன் மரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே முதல் வேலைக்கு மகோகனியோ தேக்கோ நல்லது. தேக்கு பாரத்தில் ஓக்கிலிருந்து அதிகம் விலகியதல்ல, புத்தகம் ஓக்குக்குச் சொல்லும் அளவுகளை அப்படியே எடுக்கலாம். ஆனால் தேக்கில் இயற்கையாகவே மணல்போன்ற சிலிக்கா இருப்பதால் உளி விரைவாக மழுங்கும். புத்தகம் சொல்வதைவிட இரண்டு மடங்கு தடவை தீட்ட வேண்டிவரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வேம்பு மலிவு, பூச்சிக்குத் தாங்கும், ஆனால் நார் ஒரு படைக்கு ஒரு பக்கமாகத் திரும்பிப் போவதால் சீவும்போது பிய்ந்து வரும். முதிரையும் அப்படியே, போதாக்குறைக்கு மிகக் கடினம். பாலை மரம் இரும்பு மாதிரி, அது வளைக்கும் தூணுக்கும் உரியது. பனையில் கறுத்த நார்கள் தனித்தனியாகப் பிரிந்து வருவதால் ஆறு மி.மீ. கழுந்து நிற்காது. இவற்றில் கை வைக்க ஆசை வரும், கை பழகிய பிறகு வையுங்கள்.

வாங்கும்போது வைரம் உள்ள துண்டாகப் பாருங்கள். விளிம்பில் வெளிறிய பகுதி இருந்தால் செல்லும் கறையானும் முதலில் அங்கேதான் வரும். பலகையைக் கண்மட்டத்துக்குத் தூக்கி ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை பாருங்கள். வில்போல வளைந்ததைச் சீவி எடுக்கலாம். முறுக்கிக்கொண்டதை எடுக்க வேண்டாம்.

ஈரம்தான் புத்தகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள மிகப் பெரிய இடைவெளி. குளிர்நாட்டில் மாரிகாலத்தில் வீட்டைச் சூடாக்குவதால் உள்ளே காற்று வறண்டு, தளபாட மரத்தின் ஈரம் ஆறு, எட்டு வீதத்துக்கு இறங்கிவிடும். அதனால் அந்தப் புத்தகங்கள் மரத்தை அவ்வளவுக்கு உலர்த்தச் சொல்கின்றன. இங்கே திறந்த யன்னலுள்ள வீட்டில் மரம் கிட்டத்தட்ட 13 முதல் 16 வீதத்தில் நின்றுவிடும். புத்தகத்தின் எண்ணைத் துரத்தத் தேவையில்லை. மரம் நம் காற்றோடு ஒத்துப்போய்விட்டதா என்பதுதான் கேள்வி.

அதை அறியச் சமையலறைத் தராசு போதும். வாங்கி வந்த மரத்தைத் தேவையான நீளத்தைவிடச் சற்று அதிகமாக அறுத்து, இடையிடையே மெல்லிய குச்சி வைத்து நிழலில் அடுக்குங்கள். அதே மரத்தின் நடுப்பகுதியிலிருந்து ஒரு சாண் துண்டு அறுத்து, அதன் இரு நுனிகளுக்கும் பெயின்ற் பூசி அடுக்கோடு வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை நிறுத்து, துண்டிலேயே திகதியும் கிராமும் எழுதுங்கள். நிறை குறைந்துகொண்டே வந்து, அடுத்தடுத்து மூன்று கிழமை அசையாமல் நின்றால் மரம் ஆயத்தம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் நிறுத்தால் கணக்கு ஏமாற்றும், அப்போது நிறை கூடவும் செய்யும். மரத்தைப் பங்குனி, சித்திரையில் வாங்கி ஆவணிக்குள் வேலையைத் தொடங்குவது வசதி.

உலர்ந்த பிறகும் மரம் அசையும். நீளப்பாட்டில் அசைவு இல்லையென்றே சொல்லலாம், அகலப்பாட்டில்தான் விரிந்து சுருங்கும். தேக்கு பச்சையிலிருந்து முற்றாக உலரும்வரை, வளர்ச்சி வளையத்தைத் தழுவும் திசையில் 5.8 வீதம் சுருங்கும். கோடைக்கும் மாரிக்கும் இடையே ஈரம் நான்கு வீதம் மாறுகிறது என்று வைத்தால், 330 மி.மீ. அகலமான மேற்பலகை ஏறத்தாழ இரண்டரை மி.மீ. அசையும். அதைப் பசையால் சட்டத்தோடு இறுக ஒட்டினால் பலகைதான் வெடிக்கும். கீழே வரும் ஸ்ரூலில் மேற்பலகை ஏன் அப்படிப் பூட்டப்படுகிறது என்பதற்குக் காரணம் இதுவே. குளிரூட்டி போடும் அறையில் வைக்கப்போகும் பொருளுக்கு இந்த அசைவு இன்னும் கூடும்.

கருவிகளும் தீட்டுதலும்

இந்த வேலைக்குப் பெரிய பட்டியல் வேண்டாம். ஆறு மி.மீ., பதினெட்டு மி.மீ. உளிகள் இரண்டு, மரச்சுத்தியல், பல் சிறிதான முதுகுக்கட்டு வாள், பெரிய அறுவைக்கு ஒரு கைவாள், இரும்புச் சீவுளி, மூலைமட்டம், இரண்டு முள்ளுள்ள கோடு கீறும் கேஜ், கூரான கத்தி, நான்கு கிளாம்ப். சுவரோடு ஒட்டி நிற்கும் பாரமான பழைய மேசை ஒன்று முதல் வருடத்துக்குப் போதும். மேசை உயரம் நின்றபடி உங்கள் மணிக்கட்டு வரும் அளவு இருந்தால் சீவ வசதி. வாளும் உளியும் பிடிக்கையில் முதுகு வளையாமல் இருக்க, மேசைமேல் இன்னும் ஒரு சாண் உயரப் பெட்டி வைத்து அதில் மரத்தைப் பூட்டுங்கள். அறுபது கடந்தவருக்கு இது முக்கியம்.

புத்தகம் எண்ணெய்க்கல்லைச் சொல்லும். அதற்குப் பதிலாக ஒரு தடித்த கண்ணாடித் துண்டில் நீர்த்தாள் ஒட்டலாம், 220, 400, 1000 என்று மூன்று தரம். முதலில் உளியின் தட்டையான முதுகை, நுனியிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு, 1000 தாளில் ஒரே பளபளப்பாக வரும்வரை தேயுங்கள். பிறகு சரிவுப் பக்கத்தை 25 பாகை சாய்வில் 220இலும் 400இலும் தேய்த்து, கடைசி நுனியை மட்டும் 30 பாகைக்கு உயர்த்தி 1000இல் தேயுங்கள். முதிரை வெட்டும் காலத்தில் அந்த நுனி 35 பாகை இருக்கட்டும், இல்லாவிட்டால் நுனி உதிரும்.

எப்போது நிறுத்துவது என்பதைக் கண் சொல்லாது, விரல் சொல்லும். முதுகுப் பக்கத்தில் நுனியை நோக்கி விரலை மெல்ல வெளியே இழுத்தால், நுனி முழுதும் ஒரு மெல்லிய சொரசொரப்பு தட்டுப்பட வேண்டும். ஒரு மூலையில் அது இல்லாவிட்டால் அந்த மூலை இன்னும் தீட்டப்படவில்லை. பிறகு முதுகைத் தாளில் தட்டையாக வைத்து ஒருமுறை இழுத்தால் அது போய்விடும். சோதனை இது: மெதுவான மரத்துண்டின் நார் வெட்டப்பட்ட நுனியைச் சுத்தியல் இல்லாமல் கையால் சீவிப் பாருங்கள். மினுங்கும் பரப்பு வந்தால் சரி. அதில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடினால் உளி நுனியில் அந்த இடத்தில் ஒரு பல் உடைந்திருக்கிறது. பரப்பு முழுதும் பொடிந்து வெளிறினால் உளி மழுங்கல்.

ஸ்ரூல்: மரக்காலைப் பட்டியலிலிருந்து பொருத்து வரை

உயரம் 430 மி.மீ., மேற்பலகை 410க்கு 330. நான்கு கால்கள், நான்கு சட்டங்கள், எட்டுப் பொருத்துகள். மரக்காலையில் கேட்க வேண்டியது: இரண்டுக்கு இரண்டு ஆறு அடி, மூன்றுக்கு ஒன்று ஐந்து அடி, ஐந்துக்கு ஒன்று ஐந்து அடி. சீவி முடித்த பிறகு கால் 44 மி.மீ. சதுரமாகவும், சட்டமும் மேற்பலகையும் 20 மி.மீ. தடிப்பாகவும் வரும். சட்டத்தின் அகலம் 75 மி.மீ. மூன்றுக்கு ஒன்று என்று சொன்ன பலகை அறுவையில் சற்றுக் குறைந்து, சீவிய பின் 70 என்றே வந்தால், கீழே வரும் அளவுகளில் கழுந்தின் அகலத்தைத்தான் 50 ஆக்குங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள்.

கால்களை 430 நீளத்துக்கு அறுங்கள். முடிவில் அவை 410 ஆகத்தான் இருக்கும், மிகுதி இருபது மி.மீ. மேல்நுனியில் விடப்படுவது. நுனிக்கு அருகே துளை கொத்தும்போது கால் பிளக்காமல் அந்த மிகுதி தாங்கும். ஒட்டி முடிந்த பிறகுதான் அதை அறுக்க வேண்டும். முதல் வேலையில் இதை விட்டுவிட்டு, கடைசித் துளையில் காலைப் பிளப்பவர்கள் நிறையப் பேர்.

நீளச் சட்டம் இரண்டும் 330, குட்டைச் சட்டம் இரண்டும் 250. இரு பக்கமும் 25 மி.மீ. கழுந்துக்குப் போக, கழுந்து தொடங்கும் படியான தோள் முதல் மறுதோள் வரை 280உம் 200உம் மிஞ்சும். ஒரே சோடிச் சட்டங்களை ஒன்றாகக் கிளாம்பில் பிடித்து, தோள்கோட்டை இரண்டிலும் ஒரே தடவையில் கத்தியால் கீறுங்கள். ஒவ்வொன்றாக அளந்தால் அரை மி.மீ. வித்தியாசம் வரும், அந்த அரை மி.மீ. ஸ்ரூலைக் கோணலாக்கும். நீளம் சரியா என்பதைவிடச் சோடி ஒத்திருக்கிறதா என்பதே இங்கே முக்கியம்.

புத்தகம் கழுந்தின் தடிப்பு சட்டத்தின் மூன்றில் ஒன்று என்று சொல்லும். இருபதில் மூன்றில் ஒன்று ஏழுக்குக் கிட்ட, கையில் உள்ள உளி ஆறு. உளிதான் முடிவு செய்யும், ஆறே போடுங்கள். கேஜின் இரண்டு முள்ளையும் அளவுகோலால் வைக்காமல், அந்த உளியையே இரண்டு முள்ளுக்கும் இடையில் பிடித்து வையுங்கள். பிறகு அதே அமைப்பில் துளைக்கும் கழுந்துக்கும் கோடு கீறுங்கள். சட்டம் காலின் வெளிமுகத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே நிற்கப்போகிறது. ஆகவே சட்டத்தில் கழுந்துக்கோடு வெளிமுகத்திலிருந்து 7 மி.மீ.இலும், காலில் துளைக்கோடு 10 மி.மீ.இலும் தொடங்கும். இரண்டு மாற்றங்கள் மட்டும், முள்ளுகளின் இடைவெளி மாறாது. எப்போதும் வெளிமுகத்திலிருந்தே கீறுங்கள், ஒன்றை வெளியிலிருந்தும் மற்றதை உள்ளிருந்தும் கீறினால் சட்டம் ஒரு பக்கம் தள்ளி நிற்கும்.

75 மி.மீ. அகலமான சட்டத்தில் மேலே 15, கீழே 5 விட்டு, நடுவில் 55 மி.மீ. அகலமாகக் கழுந்து வரும். மேலே விட்ட பதினைந்தில் 8 மி.மீ. நீளமான ஒரு குட்டை நாக்கை மிச்சம் வைக்கலாம், அது சட்டத்தின் மேல்விளிம்பு முறுகாமல் பிடிக்கும். அதற்கு ஏற்றபடி காலிலும் 8 மி.மீ. ஆழத்துக்கு மேல்நோக்கி ஒரு சிறு பள்ளம் வேண்டும்.

துளை 26 மி.மீ. ஆழம். உளியில் அந்த இடத்தில் ஒரு நாடா ஒட்டுங்கள். காலை மேசைக்காலுக்கு நேரே மேலாகப் பூட்டி, துளையின் நீளத்துக்கு நேர்கோட்டில் நில்லுங்கள், பக்கவாட்டில் அல்ல. பக்கத்தில் நின்றால் உளி உங்கள் பக்கம் சாய்வது உங்களுக்கே தெரியாது. நடுவில் தொடங்கி ஐந்தைந்து மி.மீ. தள்ளித் தள்ளிக் கொத்திக்கொண்டு நுனியை நோக்கிப் போங்கள். இரு நுனிகளிலும் 2 மி.மீ. கடைசிவரை விட்டுவையுங்கள், கழிவைக் கெம்பும்போது உளி அந்த விளிம்பை நசுக்கும், அதைக் கடைசியில் நேராக வெட்டி எடுக்கலாம். ஒரே காலில் அடுத்த முகத்திலிருந்து வரும் துளையோடு இது உள்ளே முட்டாது, இரண்டு மி.மீ. சுவர் மிஞ்சும். ஆழத்தைக் கூட்டினால் அந்தச் சுவர் உடையும். அதற்கு அஞ்ச வேண்டாம், கழுந்து 25 மட்டுமே என்பதால் இரண்டு கழுந்தும் முட்டிக்கொள்ளாது.

கழுந்தை அறுக்கும்போது சட்டத்தைச் சாய்வாகப் பிடித்து, கண்ணுக்குத் தெரியும் இரண்டு கோடுகளையும் சேர்த்து மூலையிலிருந்து குறுக்காக அறுங்கள். பிறகு திருப்பி மறுபக்கம். இரண்டு வெட்டும் உள்ளே சந்தித்த பிறகு நேராக அடிவரை இறக்கலாம். வாள் கோட்டை அழிக்கக்கூடாது, கோடு கழுந்தில் பாதி தெரிய வேண்டும். தோளை அறுக்குமுன் கத்திக்கோட்டில் உளியால் ஒரு சிறு சரிவு வெட்டினால் வாள் அந்தப் பள்ளத்திலேயே ஓடும்.

பொருந்தாவிட்டால் எங்கே பார்ப்பது

கழுந்து கையால் பாதி போய், மிச்சம் சுத்தியலால் மெல்லத் தட்டப் போக வேண்டும். ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் நிறுத்துங்கள், கால் பிளக்கும். கழுந்தை வெளியே எடுத்து, பளபளவென்று தேய்ந்து தெரியும் இடத்தை மட்டும் உளியால் சீவுங்கள்.

தோளில் ஒரு பக்கம் மட்டும் இடைவெளி தெரிந்தால் மூன்று காரணங்களில் ஒன்று. கழுந்தின் நுனி துளையின் அடியில் முட்டலாம், ஒரு குச்சியால் ஆழத்தை அளந்தால் உடனே தெரியும். துளைக்குள் ஒரு சுவர் நடுவில் வீங்கியிருக்கலாம், அதற்கு 6 மி.மீ. பட்டையொன்றைத் துளையில் செருகி, வெளியே நீளும் பகுதியை மூலைமட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் தோள்தான் கோணல். தோளைத் தொடுவதைக் கடைசியாக வையுங்கள், ஏனென்றால் அதைச் சீவியதும் சட்டத்தின் நீளம் குறையும், சோடிச் சட்டத்தையும் அவ்வளவு சீவ வேண்டிவரும்.

கழுந்து துளைக்குள் ஆடினால், அதே மரத்தின் சீவலை அதன் கன்னத்தில் பசையால் ஒட்டி, மறுநாள் திரும்பச் சீவிப் பொருத்துங்கள். பசை இடைவெளியை நிரப்பும் என்று நம்பி விடாதீர்கள். வெள்ளை மரப்பசை இறுக்கமான பரப்புகளுக்கு நடுவில்தான் பிடிக்கும்.

ஒட்டுவதும் மேற்பலகையும்

இங்கேதான் பழைய புத்தகத்தை அப்படியே பின்பற்றக் கூடாது. ஃபெயர்ஹாமின் காலத்தில் சூடான வச்சிரப்பசை பாவித்தார்கள். இரண்டு பலகை விளிம்புகளில் அதைப் பூசி முன்னும் பின்னும் தேய்த்துவிட்டால், ஆறும்போது பசையே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நாம் பாவிக்கும் வெள்ளைப் பசை அப்படி இழுக்காது, கிளாம்ப் போட வேண்டும். நீளமான கிளாம்ப் இல்லாவிட்டால், ஒரு பலகையில் இரண்டு கட்டைகளைத் திருகாணியால் பூட்டி, நடுவில் ஒட்டும் பலகைகளை வைத்து, மிஞ்சிய இடைவெளியில் ஆப்பு அடித்து இறுக்குங்கள். கீழே பழைய பத்திரிகைத்தாள் போட மறக்க வேண்டாம்.

நம் வெயிலில் வெள்ளைப் பசை ஐந்து நிமிடத்துக்குள் தோல் கட்டத் தொடங்கும். விடியற்காலையில் ஒட்டுங்கள். எட்டுப் பொருத்தையும் ஒரே தடவையில் ஒட்டாமல், முதல் நாள் இரண்டு குட்டைப் பக்கங்களையும், மறுநாள் அவற்றை நீளச் சட்டங்களோடும் சேருங்கள். தேக்கில் எண்ணெய் ஊறி மேலே வரும் என்பதால் மேற்பலகையின் விளிம்புகளைச் சீவிய அன்றே ஒட்டிவிடுங்கள். சேர்த்ததும் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லாவிட்டால், நீளமான மூலைவிட்டத்தை நோக்கிக் கிளாம்பைச் சற்றுச் சாய்த்தால் சட்டம் நேராகும்.

மேற்பலகைக்குச் சுமார் 110 மி.மீ. அகலத்தில் மூன்று பலகைகள். அதைச் சட்டத்தோடு மரக் கட்டைகளால் பூட்டுவோம். சட்டத்தின் உட்பக்கத்தில், மேல்விளிம்பிலிருந்து 10 மி.மீ. கீழே, 6 மி.மீ. அகலமும் 8 மி.மீ. ஆழமும் உள்ள பள்ளம், ஒவ்வொரு நீளச் சட்டத்திலும் இரண்டு, குட்டைச் சட்டத்தில் ஒன்று. 25 மி.மீ. அகலமும் 16 மி.மீ. தடிப்பும் உள்ள சிறு கட்டையில் அந்தப் பள்ளத்துக்குள் போகும் ஒரு நாக்கு வெட்டுங்கள். நாக்குக்கு மேலே 9 மி.மீ. மட்டும் இருந்தால், திருகாணி இறுகும்போது மேற்பலகை கீழே இழுபடும். திருகாணி 30 மி.மீ. தாண்டக்கூடாது, இல்லாவிட்டால் இருக்கும் பக்கத்தில் முனை தெரியும். நீளச் சட்டங்களில் கட்டைக்கும் சட்டத்துக்கும் இடையே 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். குட்டைச் சட்டத்தில் பள்ளத்தை 35 மி.மீ. நீளமாக வெட்டுங்கள். மாரியில் பலகை விரியவும் கோடையில் சுருங்கவும் அந்த இடைவெளிகள் வேண்டும்.

கால்களின் மேல்மிகுதியை அறுத்து, ஸ்ரூலைத் தட்டையான சீமெந்துத் தரையில் வைத்துப் பாருங்கள். ஆடினால் உயர்ந்து நிற்கும் காலுக்கு அடியில் கடதாசி செருகி ஆட்டத்தை நிறுத்தி, ஸ்ரூல் எந்த இரண்டு எதிர்மூலைக் கால்களில் ஊன்றி ஆடியதோ அவற்றில் ஒன்றிலிருந்து அந்தத் தடிப்பைக் குறையுங்கள்.

பொலிஷ் பற்றி நோய்ஸ் தரும் அத்தியாயம் நல்லது. ஆனால் அரக்குப் பொலிஷை மழைநாளில் போட்டால், காற்றின் ஈரம் படிந்து பரப்பு பால்போல வெளிறும். வெயில் நாளில் மேலும் ஒரு மெல்லிய பூச்சு போட்டால் பெரும்பாலும் அது போய்விடும். ஆளி எண்ணெய் பூசினால், துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட வேண்டாம். உலரும்போது அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. கொடியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து முற்றத்தில் விடுங்கள்.

அடுத்ததாக இதே பொருத்துகளை வைத்து ஒரு சிறு மேசையும், அதன் பிறகு வேரிங்கின் இலாச்சி அத்தியாயமும். புறாவால் பொருத்து அங்கே தேவைப்படும்போது ஃபெயர்ஹாமுக்குத் திரும்பி வந்தால் போதும்.